டொரண்டோ குளிருக்கு எந்தக் கையுறை?

ஜனவரி மாதத்தில் டொரண்டோவில் காலை ஏழு மணிக்கு இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். ஸ்கார்பரோவின் பெரிய சாலைகளில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் பலருக்கும் ஒரு கைதான் கையுறைக்குள் இருக்கிறது. மற்றக் கை வெறுங்கையாகக் கைபேசியைப் பிடித்திருக்கிறது. அடுத்த பஸ் எப்போது வரும் என்று பார்க்க வேண்டும், தாமதமானால் வேலையிடத்துக்குச் செய்தி அனுப்ப வேண்டும். அதற்காகக் கழற்றிய கையுறையை மறுபடி மாட்டும்போது விரல்கள் மரத்துப்போயிருக்கும்.

தமிழர்கள் நிறைய வாழும் பகுதி ஸ்கார்பரோ. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் புதிதாக வந்து இறங்குபவர்கள் கனமான கோட்டையும் பூட்ஸையும் விசாரித்து வாங்குகிறார்கள். கையுறை என்று வரும்போது மட்டும் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்குகிற மெல்லிய பின்னல் ஜோடி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். விரல்நுனியில் வேறு நிறத் துணி இருக்கும், தொடுதிரைக்கு ஏற்றது என்று அட்டையில் எழுதியிருக்கும். நவம்பர் மாதத்துக்கு அது போதும். ஜனவரிக்குப் போதாது. ஏன் போதாது என்பது தெரிந்துவிட்டால் எதை வாங்குவது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் குளிர்வது விரல்தான்

குளிர் கூடும்போது உடல் தன் வெப்பத்தை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் மூளைக்கும் சேமித்து வைக்கப் பார்க்கிறது. அதற்காகக் கைகால்களுக்குப் போகும் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. விரலுக்கென்று சொல்லிக்கொள்ளும்படி தசை கிடையாது, எனவே தானாக வெப்பத்தை உண்டாக்க அதனால் முடியாது. ரத்தம் கொண்டுவரும் சூடுதான் அதன் சூடு. உருவமோ மெல்லிய குச்சி போன்றது. உள்ளே இருக்கும் சதை கொஞ்சம், வெளியே காற்றுக்குக் காட்டும் தோலின் பரப்பு அதிகம். வரும் சூடு குறைந்து, போகும் சூடு கூடினால் விரல் சில நிமிடங்களிலேயே குளிர்ந்துவிடுகிறது. விரல் தோலின் வெப்பநிலை 15 டிகிரி அளவுக்கு இறங்கினால் பொத்தான் போடுவது, சாவியைத் திருப்புவது போன்ற நுண்ணிய வேலைகள் தடுமாறத் தொடங்கும். இன்னும் இறங்கினால் தொடு உணர்வே போய்விடும்.

காற்று வீசினால் நிலைமை மோசமாகும். அதனால்தான் கனடாவின் வானிலை அறிவிப்பில் வெப்பநிலையோடு ‘விண்ட் சில்’ என்ற இன்னொரு எண்ணையும் சொல்கிறார்கள். காற்றின் வேகத்தையும் சேர்த்துக்கொண்டால் திறந்த தோலுக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்பதை அந்த எண் சொல்கிறது. அண்டார்டிகாவில் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அளந்து பார்த்த பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1945இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த கணக்கு அது. கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து 2001இல் அதைத் திருத்தி அமைத்தன. வெப்பநிலை மைனஸ் 15, காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் விண்ட் சில் மைனஸ் 24. அதே காற்றில் வெப்பநிலை மைனஸ் 20 ஆனால் விண்ட் சில் மைனஸ் 30. இந்த எண் மைனஸ் 28க்குக் கீழே போனால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்துபோகும் ஆபத்து உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

சூட்டைக் காப்பது அசையாத காற்று

கையுறை தானாகச் சூட்டைத் தருவதில்லை. கையிலிருந்து கிளம்பும் சூடு வெளியே ஓடிவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அந்த வேலையை உண்மையில் செய்வது நூலோ பஞ்சோ அல்ல, அவற்றின் இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். அதே இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பம் வெளியேறும். நல்ல கையுறை என்பது கைக்கும் குளிருக்கும் நடுவே போதிய காற்றை நிறுத்தி, அதைக் கலையவும் நனையவும் விடாமல் வைத்திருப்பது. கடையில் பார்க்க வேண்டிய எல்லாமே இதற்குள் அடங்கிவிடும்.

மெல்லிய பின்னல் கையுறை தோற்பது இங்கேதான். அதன் கண்ணிகளுக்குள் காற்று நிற்கிறது என்பது உண்மைதான். ஆனால் வெளிக்காற்று வீசியதும் அந்தக் கண்ணிகள் வழியாகவே உள்ளே புகுந்து சூடான காற்றைத் துரத்திவிடுகிறது. எனவே வெளிப்புறம் காற்று புகாத நெருக்கமான நெய்த துணியாகவோ தோலாகவோ இருக்க வேண்டும். ஒரு கையுறை காற்றைத் தடுக்கிறதா என்று கடையிலேயே தெரிந்துகொள்ளலாம். துணியை வாயில் அழுத்தி ஊதிப் பாருங்கள். மூச்சு மறுபக்கம் எளிதாக வெளியேறினால் பஸ் நிறுத்தத்துக் காற்றும் அதே வழியில் உள்ளே வரும்.

உள்ளே நிரப்பியிருக்கும் பொருளின் பெயரும் அளவும் அட்டையில் இருக்கும். அடிக்கடி கண்ணில் படுவது ‘தின்சுலேட்’. 3எம் நிறுவனத்தின் செயற்கை இழை அது. இழை மிக மெல்லியது என்பதால் குறைந்த தடிமனிலேயே நிறையக் காற்றைப் பிடித்து வைக்கும். ‘பிரைமாலாஃப்ட்’ என்பது அமெரிக்க ராணுவம் வாத்து இறகுக்கு மாற்றாக ஒன்றைக் கேட்டதால் 1980களில் பிறந்த இழை. இறகு நனைந்தால் படிந்துபோய்க் காற்றை விட்டுவிடும், இந்த இழைகள் ஈரத்திலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கம்பளிக்கும் அந்தக் குணம் உண்டு. பருத்திக்குக் கிடையாது. வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே கிடக்கும்.

தின்சுலேட்டுடன் 40 கிராம், 100 கிராம், 150 கிராம் என்று எழுதியிருப்பதைப் பலர் கையுறையின் எடை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் பஞ்சுத் தகட்டின் எடைதான் அது. 40 கிராம் என்றால் கார் ஓட்டுவதற்கும் இலையுதிர் காலத்துக்கும் ஏற்றது. பூஜ்யத்திலிருந்து மைனஸ் 10 வரை நடந்துகொண்டே இருப்பவருக்கு 100 கிராம் பொதுவாகப் போதும். அசையாமல் நின்று காத்திருப்பவர் 150 அல்லது 200 கிராமைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கையுறைகளில் புறங்கைப் பக்கம் பஞ்சு தடிமனாகவும், பொருளைப் பிடிக்க வசதியாக உள்ளங்கைப் பக்கம் மெல்லியதாகவும் வைத்துத் தைக்கிறார்கள். பஸ்ஸுக்கு வெளியே ஓர் இரும்புக் கம்பியைப் பிடித்ததும் உள்ளங்கைதான் முதலில் சில்லிடும். காரணம் இதுதான்.

வேலைக்கான கையுறைகளில் பனித்துகள் படம் போட்டு, கீழே மூன்று எண்கள் அச்சிட்டிருப்பதைக் காணலாம். ஐரோப்பாவின் இஎன் 511 தரக் குறியீடு அது. முதல் எண் குளிர்ந்த காற்றுக்கு, இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடுவதற்கு. இரண்டும் 0 முதல் 4 வரை போகும், கூடினால் நல்லது. மூன்றாவது தண்ணீரைப் பற்றியது. எண்ணின் இடத்தில் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை என்று பொருள். ஆடைக் கடைக் கையுறைகளில் இந்தக் குறி பெரும்பாலும் இருக்காது. தொழிலாளர்களுக்கான பொருள்கள் விற்கும் கடைகளில் தேடினால் கிடைக்கும்.

இனி உருவம். விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் கையுறையில் ஒவ்வொரு விரலும் நான்கு பக்கமும் குளிரோடு தனியாகப் போராட வேண்டியிருக்கிறது. மெல்லிய விரலைச் சுற்றிப் பஞ்சைக் கூட்டிக்கொண்டே போனால் வெளிப்பரப்பும் கூடிக்கொண்டே போவதால், ஓர் அளவுக்கு மேல் பலன் குறைந்துவிடும். கட்டைவிரல் மட்டும் தனியாகவும் மற்ற நான்கும் ஒரே பைக்குள்ளும் இருக்கும் மிட்டனில் இந்தச் சிக்கல் இல்லை. விரல்கள் ஒன்றையொன்று சூடாக வைத்துக்கொள்கின்றன. ஒரே பஞ்சு, ஒரே துணி என்றால் மிட்டன்தான் எப்போதும் கூடுதல் சூடு தரும். கடுங்குளிருக்கு மிட்டன் என்று பழைய கனடாக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

திரை ஏன் கையுறையை மதிப்பதில்லை

இன்றைய கைபேசித் திரை அழுத்தத்தை உணர்வதில்லை. கண்ணாடிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கட்டம் ஒன்று மெல்லிய மின்புலத்தைப் பரப்பிக்கொண்டே இருக்கிறது. மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் விரல் பக்கத்தில் வந்ததும் அந்தப் புள்ளியில் மின்புலம் மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் திரை ‘தொட்டார்’ என்று எடுத்துக்கொள்கிறது. பஞ்சும் கம்பளியும் மின்சாரத்தைக் கடத்தாதவை. அவை விரலைக் கண்ணாடியிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தினாலே போதும், திரைக்கு விரல் இருப்பதே தெரியாது. 2010 குளிர்காலத்தில் தென்கொரியாவில் கையுறையைக் கழற்ற மனமில்லாதவர்கள் சிறிய சாசேஜ் துண்டுகளால் கைபேசித் திரையைத் தொட்டு இயக்கியதாகச் செய்திகள் வந்தன. ஈரமும் உப்பும் உள்ள இறைச்சியும் விரலைப் போலவே மின்சாரத்தைக் கடத்துகிறது, அதனால் அது வேலை செய்தது.

தொடுதிரைக் கையுறையும் இதே கணக்கில்தான் இயங்குகிறது. விரல்நுனித் துணியில் வெள்ளி பூசிய நைலான் நூலையோ மெல்லிய எஃகு இழையையோ சேர்த்துப் பின்னுகிறார்கள். தோல் கையுறை என்றால் தோலையே மின்சாரம் கடத்தும்படி பதப்படுத்துகிறார்கள். ஆனால் அந்த நூல் வெளிப்பக்கம் மட்டும் இருந்தால் பயன் மிகக் குறைவு. உள்ளே புகுந்து விரலின் தோலைத் தொட வேண்டும். அப்போதுதான் திரையிலிருந்து உடல் வரைக்கும் மின்வழி முழுமையாகும்.

சூட்டுக்கும் தொடுதிரைக்கும் பகை தொடங்குவது இந்த இடத்தில். தோலுக்கும் வெளித்துணிக்கும் நடுவே இடைவெளி வேண்டும் என்கிறது குளிர். இடைவெளியே கூடாது என்கிறது திரை. 150 கிராம் பஞ்சு வைத்த கையுறையின் நுனியில் கடத்தும் துணியைத் தைத்துவிட்டு ‘தொடுதிரைக்கு ஏற்றது’ என்று விற்றால், ஒன்று திரை ஒழுங்காகக் கேட்காது, இல்லையென்றால் அந்த நுனியில் பஞ்சைக் குறைத்திருப்பார்கள். முதலில் குளிர்வதும் அதே நுனிதான்.

வாங்குமுன் சோதிப்பது எளிது. கையுறையை மாட்டிக்கொண்டு உங்கள் கைபேசியிலேயே ஒரு சிறு செய்தியைத் தட்டச்சு செய்து பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டும் வேலை செய்ய வேண்டும். ஒரு கையால் கைபேசியைப் பிடிப்பவர்கள் கட்டைவிரலால்தான் தட்டுவார்கள். நுனியில் தடித்த தையல் ஓடியிருந்தால் அது திரையில் முட்டி, பக்கத்து எழுத்து விழும். நாளானாலும் துவைத்துத் துவைத்தும் வெள்ளிப் பூச்சு தேய்ந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். போன குளிர்காலத்தில் வேலை செய்த கையுறை இந்த ஆண்டு அடம்பிடித்தால் குற்றம் கைபேசியில் இல்லை.

கைபேசியிலும் ஒரு சிறு உதவி உண்டு. சாம்சங் கேலக்ஸி கைபேசிகள் பலவற்றில் Settings > Display > Touch sensitivity என்ற இடத்தில் திரையின் உணர்திறனைக் கூட்டலாம். மெல்லிய கையுறைக்கு அது கைகொடுக்கும், தடித்ததற்குக் கொடுக்காது. கைரேகை வைத்துத் திறக்கும் பூட்டு எந்தக் கையுறையோடும் வேலை செய்யாது, அதற்குப் பதில் எண் பூட்டு வசதி. டொரண்டோ பஸ்ஸில் தட்டும் பிரெஸ்டோ அட்டைக்கு இந்தத் தொல்லையே இல்லை. அது ரேடியோ அலையில் இயங்குவது, எவ்வளவு தடித்த மிட்டனுக்குள் பிடித்திருந்தாலும் கருவி படித்துவிடும்.

அளவு எடுப்பது எப்படி

இந்தப் பகையைத் தணிப்பது சரியான அளவுதான். இறுக்கமான கையுறை பஞ்சை நசுக்கிக் காற்றை வெளியேற்றிவிடும். அடித்துத் தட்டையான இலவம்பஞ்சுத் தலையணையில் என்ன மிச்சமிருக்குமோ அவ்வளவுதான் அதில் மிச்சமிருக்கும். ஏற்கெனவே சுருங்கிய ரத்தக் குழாய்களையும் அது அழுத்துகிறது. தளர்ந்த கையுறையிலோ கை அசையும்போதெல்லாம் மணிக்கட்டு வழியாகச் சூடான காற்று வெளியேறும், நுனித்துணி மடிந்து திரையைத் தொடாமல் நழுவும்.

துணி அளக்கும் நாடா ஒன்று போதும். வழக்கமாக வேலை செய்யும் கையை விரித்து, கட்டைவிரலை விட்டுவிட்டு, நான்கு விரல்கள் தொடங்கும் முட்டிகளைச் சுற்றி அளக்க வேண்டும். அது சுற்றளவு. பிறகு நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டின் மடிப்புக் கோடு வரை அளக்க வேண்டும். அது நீளம். எண் போட்ட கையுறைகளில் அந்த எண் பெரும்பாலும் சுற்றளவை அங்குலத்தில் சொல்கிறது. ஐரோப்பிய அளவு முறையில் 7 என்றால் சுற்றளவு 178 மில்லிமீட்டர், நீளம் 171. எட்டு என்றால் 203, 182. ஒன்பது என்றால் 229, 192. எஸ், எம், எல் என்று எழுத்து மட்டும் போட்டிருந்தால் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அவரவர் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

ஒருவருடைய கை அளவை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 18 சென்டிமீட்டர், நீளம் 18.3. மெலிந்த, நீண்ட விரல்கள். நம்மில் பலருக்கு அப்படித்தான் இருக்கும். சுற்றளவு 7 என்கிறது, நீளம் 8 என்கிறது. ஏழை வாங்கினால் விரல்நுனி துணியில் முட்டி, அங்கே பஞ்சு நசுங்கும். குளிருக்கான கையுறை என்றால் நீளத்துக்கு மதிப்புக் கொடுத்து 8ஐ வாங்கி, மணிக்கட்டில் இழுத்து இறுக்கும் பட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே சரி. மாட்டிய பிறகு விரல்நுனிக்கு முன்னால் அரை சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். கையை இறுக மூடினால் முட்டிகளின் மேல் துணி விறைக்கக் கூடாது. விரல்களை விரித்தால் விரலிடுக்கில் அழுத்தக் கூடாது. கோட்டுக் கையோடு சேர்த்து மாட்டிக் கையை மேலே நீட்டினால் மணிக்கட்டுத் தோல் வெளியே தெரியக் கூடாது.

இரண்டடுக்கு விடை

இதே கைக்காரர் மைனஸ் 12இல், மணிக்கு 25 கிலோமீட்டர் காற்றில் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்து, கால் மணி நேரம் பஸ்ஸுக்கு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்ட் சில் மைனஸ் 21. ஒரே கையுறையில் சூடும் திரையும் இரண்டும் வேண்டும் என்று தேடினால் இரண்டிலும் பாதிதான் கிடைக்கும். வேலைகளைப் பிரித்துவிடுவது நல்லது.

உள்ளே, உடம்போடு ஒட்டிய மெல்லிய தொடுதிரை உள்ளுறை. மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழையில், நுனி விரலோடு படியும்படி. இழுபடும் பின்னல் என்பதால் இதில் 7 போதும், மெல்லியது என்பதால் நசுங்கப் பஞ்சும் இல்லை. அதற்கு மேல் காற்று புகாத, 150 கிராம் அல்லது அதற்கு மேல் பஞ்சு வைத்த மிட்டன். அதை உள்ளுறையோடு மாட்டிப் பார்த்துத்தான் அளவு முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் ஓர் எண் பெரியதாக வரும். பஸ் நேரம் பார்க்க வேண்டுமா, மிட்டனை மட்டும் உருவி, உள்ளுறையோடு திரையைத் தொட்டுவிட்டு உடனே திரும்ப மாட்டிக்கொள்ளலாம். வெறுந்தோல் ஒரு நொடிகூடக் காற்றில் படுவதில்லை. கழற்றிய மிட்டன் கீழே விழாமலிருக்க மணிக்கட்டில் மாட்டும் கயிறு வைத்த மாதிரிகள் உண்டு. பூஜ்யத்தைச் சுற்றியுள்ள நாள்களில் உள்ளுறை மட்டுமே போதும், மிட்டன் பையில் கிடக்கலாம்.

இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது ஈரம். பஸ் சூடாக இருக்கும், கை வியர்க்கும். உள்ளே ஏறியதும் மிட்டனைக் கழற்றிவிட வேண்டும். ஈரமான உள்ளுறையோடு மறுபடி வெளியே இறங்கினால் சூடு வேகமாக ஓடிவிடும். வீட்டுக்கு வந்ததும் கையுறையைத் திறந்து காற்றோட்டத்தில் தொங்கவிட வேண்டும். சூடாக்கியின் மேலேயே போட்டால் தோல் விறைத்து வெடிக்கும், இழை சுருங்கும். நீர்புகாச் சவ்வு வைத்த கையுறையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஈரக் கையை வேகமாக உருவினால் உள் துணியும் கூடவே வெளியே வந்து, விரல் விரலாகத் திரும்ப நுழைக்க முடியாமல் போகும். துணி நுனியில் வெளியுறையோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே லேசாக இழுத்துப் பார்க்கலாம்.

கையுறை போதவில்லை என்பதை விரலே சொல்லும். முதலில் வலிக்கும். வலி அடங்கி மரத்துவிட்டால் நிம்மதி அடையக் கூடாது, ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. உறைந்த தோல் வெளிறி மெழுகு போலாகும். கருத்த தோலில் வெண்மை எடுப்பாகத் தெரியாது, சாம்பல் நிறமாகவும் கெட்டியாகவும் தோன்றும். தேய்க்கக் கூடாது, ஹீட்டரில் காட்டக் கூடாது. உணர்வில்லாத தோல் சுடுவது தெரியாமலே வெந்துவிடும். உள்ளே போய், 37 முதல் 39 டிகிரிக்குள் உள்ள வெதுவெதுப்பான நீரில் வைத்து, உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். சாதாரணக் குளிரிலேயே விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவப்பவர்களுக்கு ரேனோ என்ற நிலை இருக்கலாம். அவர்கள் மிட்டனை விட்டு வேறெதையும் யோசிக்க வேண்டாம், மருத்துவரிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

உறவினர் யாராவது இந்தக் குளிர்காலத்தில் டொரண்டோவுக்கு வருவதாக இருந்தால், விமானம் ஏறுமுன்பே அவருடைய கையின் சுற்றளவையும் நீளத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். உள்ளுறையும் மிட்டனும் அவர் வந்து இறங்குகிற நாளிலேயே கைக்குத் தயாராக இருக்கட்டும்.